விற்பவர் அனுப்பிய ட்ராக்கிங் பக்கம் உண்மையா? நம்பரை வைத்தே பார்க்கலாம்

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒருவரிடம் பழைய கேமரா வாங்க ₹14,500 யுபிஐயில் அனுப்பினேன். ஸ்பீட் போஸ்டில் போட்டதாகச் சொல்லி EE582031457IN என்ற நம்பரும் ஒரு லிங்க்கும் அனுப்பினார். லிங்க்கில் பார்த்தால் பார்சல் நாக்பூர் வரை வந்திருக்கிறது, இன்ஷூரன்ஸ் ₹1,850 கட்டினால்தான் நகரும் என்று காட்டுகிறது. கட்டலாமா?

பதில்:

கட்டாதீர்கள். உள்நாட்டு ஸ்பீட் போஸ்டில் இன்ஷூரன்ஸ் வேண்டுமென்றால் அனுப்புகிறவர் புக் செய்யும்போதே கவுண்டரில் கட்டிவிடுவார். பாதி வழியில் பார்சலை நிறுத்தி வைத்துக்கொண்டு வாங்குபவரிடம் யுபிஐயில் பணம் கேட்கும் வழக்கம் தபால் துறையில் கிடையாது.

நான் ஈரோட்டில் ஒரு கூரியர் பிராஞ்சில் புக்கிங் பார்க்கிறேன். இப்படி ஒரு பக்கத்தை போனில் காட்டி, "என் பார்சல் எங்கே நிற்கிறது?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. பார்சலே இல்லை என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் நம்பர் எந்தத் தளத்துக்கும் போகாமலே மாட்டிக்கொள்கிறது. ஸ்பீட் போஸ்ட் நம்பர் உலகத் தபால் ஒன்றியத்தின் S10 என்ற முறைப்படி அமைவது: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் IN. அந்த 9 இலக்கத்தில் கடைசி இலக்கம் சும்மா வருவதில்லை. முன்னால் உள்ள எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழித்தால் அந்த இலக்கம் கிடைக்க வேண்டும். விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் போடுவார்கள். உங்கள் நம்பருக்கு:

```
5×8 + 8×6 + 2×4 + 0×2 + 3×3 + 1×5 + 4×9 + 5×7 = 181
181 ÷ 11, மீதி 5
11 − 5 = 6
```

கடைசி இலக்கம் 6 ஆக இருக்க வேண்டும். உங்களுக்கு வந்த நம்பரில் 7 இருக்கிறது. முதலில் நீங்கள் இங்கே தட்டும்போது ஏதாவது மாறியிருக்கிறதா என்று அவர் அனுப்பிய மெசேஜோடு ஒத்துப் பாருங்கள். மாறவில்லை என்றால், இது தபால் துறை கொடுத்த நம்பரே இல்லை. ஆனால் ஒன்று, கணக்கு சரியாக வந்துவிட்டால் மட்டும் நம்பர் நல்லது என்று ஆகிவிடாது. மனம்போன போக்கில் எழுதிய நம்பர்களிலும் ஏறக்குறைய பத்துக்கு ஒன்று தேறிவிடும். வேறு யாருடைய ரசீதிலிருந்தும் நம்பரைக் காப்பி அடிக்கலாம்.

அப்படியானால் அந்த லிங்க்கில் பார்சல் எப்படி நகர்கிறது? அந்தப் பக்கத்தை நடத்துகிறவரே உள்ளே போய் "நாக்பூர் வந்தது", "நிறுத்தி வைக்கப்பட்டது" என்று டைப் செய்கிறார். நீங்கள் நம்பரைப் போட்டதும் அதை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். லோகோ, வரைபடம், பச்சை டிக் எல்லாமே எங்கிருந்தும் எடுத்து ஒட்டக்கூடியவை. முகவரியில் indiapost என்று இருப்பதும் சாட்சி ஆகாது. முகவரியில் https:// போக முதலில் வரும் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் உள்ள பகுதியைத்தான் பார்க்க வேண்டும். indiapost.gov.in.track-parcel.example என்று இருந்தால் அதன் சொந்தக்காரர் track-parcel.example, முன்னால் இருக்கும் gov.in வெறும் அலங்காரம். உண்மையான தளம் indiapost.gov.in என்று முடியும். gov.in அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும்.

எனவே விற்பவரின் லிங்க்கைத் தொடாமல் நம்பரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். www.indiapost.gov.in என்று நீங்களே டைப் செய்து போய் அதில் போட்டுப் பாருங்கள். தனியார் கூரியர் என்றாலும் இதேதான், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில். கஸ்டமர் கேர் நம்பரைக்கூட அவர் அனுப்பிய பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். தபால் துறைக்கு 1800 266 6868. "எங்கள் பார்சல் எங்கள் லிங்க்கில் மட்டும்தான் தெரியும்" என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் நான் அதற்கு மேல் பேசவே மாட்டேன்.

தளத்தில் விவரம் இல்லை என்று வந்தால் உடனே முடிவு கட்டவும் வேண்டாம். சாயங்காலம் புக் ஆனது மறுநாள் காலையில்தான் தெரியும் என்பதெல்லாம் நடக்கும், ஒரு நாள் பார்க்கலாம். ஆனால் ஒரு பக்கத்தில் நாக்பூர் வந்துவிட்டது, அசல் தளத்தில் புக்கிங்கே இல்லை என்றால் காத்திருக்க ஒன்றும் இல்லை. நாக்பூர் போய்ச் சேர்ந்த பார்சலுக்கு அதற்கு முந்தைய ஸ்கேன்கள் இருந்தே ஆக வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது, நம்பர் அசல் தளத்திலேயே தெரிவது. அப்போது ஸ்டேட்டஸை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல், புக் ஆன தேதியையும் சேர வேண்டிய பின்கோடையும் பாருங்கள். நீங்கள் பணம் அனுப்பியதற்கு முந்தைய தேதி என்றாலோ, பின்கோடு உங்களுடையது இல்லை என்றாலோ அது வேறு யாருடைய பார்சலோ. இரண்டும் பொருந்தினாலும் எடையைக் கேளுங்கள். கவுண்டரில் தரும் ரசீதில் எடை இருக்கும். பெட்டியோடு ஒரு கிலோ வர வேண்டிய கேமராவுக்கு 40 கிராம் என்று இருந்தால் உங்கள் முகவரிக்கு வருவது ஒரு காகித உறை. டெலிவரி ஆனது என்று பிறகு காட்டி வாதாட அது போதும் அவருக்கு. தனியார் கூரியர்களில் இன்னொன்றும் உண்டு: லேபிள் மட்டும் போட்டு நம்பர் வாங்கிவிடுவார்கள், பார்சலை ஒப்படைக்க மாட்டார்கள். ஸ்டேட்டஸ் 'Manifested' என்றோ, தகவல் மட்டும் வந்திருக்கிறது என்றோ நாள் கணக்கில் நிற்கும். பிக்கப் ஸ்கேன் விழாத வரை பொருள் கூரியர் கைக்கு வரவில்லை.

சரி, உங்கள் ₹14,500-க்கு வருவோம். இன்றே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாண்டுவதற்குள் புகார் போனால்தான் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். யுபிஐ பரிவர்த்தனையின் யுடிஆர் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அதே நம்பரோடு உங்கள் வங்கியிலும் புகார் கொடுங்கள், cybercrime.gov.in-லும் பதிவு செய்யுங்கள். அதுவரை விற்பவரிடம் சண்டை போட வேண்டாம். சந்தேகம் வந்துவிட்டது என்று தெரிந்தால் ப்ரொஃபைலையும் ட்ராக்கிங் பக்கத்தையும் எடுத்துவிடுவார். முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், முகவரிப் பட்டை முழுதாகத் தெரியும்படி. போனில் அது பாதி மறைந்துவிடும், அதனால் லிங்க்கைத் தனியாகக் காப்பி செய்து புகாரில் எழுத்தாகவே ஒட்டிவிடுங்கள்.