பெட்ரோல் காருக்கும் உறைமோர் வேண்டும்

தங்கை மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். போன ஞாயிறு அவர்கள் புளோக்கின் பலமாடி கார் நிறுத்துமிடத்தில், தங்கை கணவரின் காருக்கு நான் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று கேள்வி கேட்கத் தொடங்கினான். அவன் குரலைக் கேட்டு அக்கம்பக்கத்தார் சிலரும் வந்து சேர்ந்தார்கள். காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருப்பவன் கையில் அகப்பட்டால் யார்தான் விடுவார்கள்? அன்று கேட்டதையும் நான் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மாமா, இது பெட்ரோலில் ஓடும் கார்தானே? பெட்ரோல் தொட்டி நிறைய இருக்கும்போது பேட்டரி எதற்கு? (தங்கை மகன்)

வீட்டில் அம்மா தயிர் உறையூற்றுவதைப் பார்த்திருப்பாய். பானை நிறையப் பால் இருந்தாலும் ஒரு கரண்டி உறைமோர் விடாமல் தயிர் ஆகாது. பெட்ரோலும் அந்தப் பால் மாதிரிதான்.

என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. முதலில் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்க வேண்டும், பிறகு அதை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பொறி விழுந்து, எரிந்து, பிஸ்டனைத் தள்ளும். பலன் மூன்றாவது வேலையில்தான் கிடைக்கிறது. முதல் இரண்டு வேலைகளையும் செய்ய யாராவது வெளியிலிருந்து என்ஜினைச் சுற்றிவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் தன் வேகத்திலேயே அதைச் செய்துகொள்ளும். நின்றுபோன என்ஜினால் முடியாது. சுற்றிவிடுவது ஸ்டார்ட்டர், அதற்குத் தெம்பு கொடுப்பது பேட்டரி. தொட்டியிலிருந்து பெட்ரோலை ஏற்றும் பம்பும், பொறியும், அவற்றை நடத்தும் கணினியும்கூட மின்சாரத்தில்தான் வேலை செய்கின்றன.

அப்படியானால் பேட்டரி இல்லாத காலத்தில் கார் ஓடவே இல்லையா? (அவனேதான்)

ஓடியது. முன்பக்கம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகி ஆள் சுற்றுவார். என்ஜின் சில நேரம் எதிர்ப்பக்கம் உதைக்கும், கைப்பிடி திரும்பி அடித்துக் கை எலும்பு முறியும். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் செய்த மின் ஸ்டார்ட்டரை 1912ஆம் ஆண்டு மாடல் கெடிலாக் கார்களில் பொருத்தினார்கள். கைப்பிடி அதோடு மெல்ல மெல்ல மறைந்தது.

இவ்வளவு சின்ன மோட்டார் அவ்வளவு பெரிய என்ஜினை எப்படிச் சுற்றுகிறது? சாவியைத் திருப்பினால் சில நாள் 'டக் டக் டக்' என்று மட்டும் கேட்கிறதே, அது என்ன? (முதல் கேள்வி பையன், இரண்டாவது அவன் அப்பா)

ஸ்டார்ட்டரின் முனையில் ஒரு குட்டிப் பல்சக்கரம் இருக்கிறது, சுமார் 10 பல். என்ஜினின் பின்னால் இருக்கும் கனமான வட்டின் விளிம்பில் 120 பல்லுக்கு மேல் இருக்கும். குட்டிச் சக்கரம் 12 சுற்று சுற்றினால் என்ஜின் ஒரு சுற்று. உன் சைக்கிளில் மேடு ஏறக் கியர் மாற்றுவாயே, அதே கணக்கு. நிமிடத்துக்கு 200 சுற்று வந்துவிட்டால் என்ஜின் பற்றிக்கொள்ளும். பற்றியதும் குட்டிச் சக்கரம் பின்வாங்கிவிடும்.

இதற்கு ஒரு சின்னப் பெட்ரோல் கார் 150 ஆம்பியர் வரை இழுக்கும். உங்கள் வீட்டுச் சுவர் பிளக் ஒன்றின் வழியே போகக்கூடியது 13 ஆம்பியர்தான். அதனால்தான் பேட்டரியிலிருந்து போகும் கம்பி விரல் தடிமனுக்கு இருக்கிறது.

மச்சான் கேட்ட 'டக் டக்'குக்கு வருகிறேன். சாவியைத் திருப்பியதும் ஒரு மின்காந்தம் குட்டிச் சக்கரத்தை முன்னே தள்ளி, பெரிய மின்னோட்டத்துக்கு வழி திறக்கிறது. வலுவிழந்த பேட்டரி அந்தப் பாரம் ஏறியதும் படுத்துவிடும். உடனே காந்தம் பிடியை விடும். பாரம் இறங்கியதும் பேட்டரி எழும், காந்தம் மறுபடி பிடிக்கும். இந்தப் பிடிப்பதும் விடுவதும்தான் அந்தச் சத்தம். ஒரே ஒரு 'டக்' கேட்டு, விளக்கும் மங்காமல் நின்றுவிட்டால் பேட்டரியை விட்டுவிட்டு ஸ்டார்ட்டர் பக்கம் பாருங்கள். எதுவானாலும் முதலில் பேட்டரி முனைகளைக் கையால் அசைத்துப் பார்ப்பது என் வழக்கம். தளர்ந்த ஒரு நட்டுக்காக ஸ்டார்ட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

ஒரு தடவை ஸ்டார்ட் செய்தாலே அவ்வளவு மின்சாரம் போனால், பேட்டரி சீக்கிரம் காலியாகிவிடாதா? (பையன்)

நீயே கணக்குப் போடு. 150 ஆம்பியர், ஒரு விநாடி. ஓடத் தொடங்கிய பிறகு, என்ஜினோடு சேர்ந்து சுற்றி மின்சாரம் செய்யும் ஆல்டர்நேட்டர் தன் மற்ற வேலைகள் போக 10 ஆம்பியர் திருப்பிக் கொடுக்கிறது என்று வை. எத்தனை விநாடியில் கடன் அடையும்? (15 என்று உடனே சொல்லிவிட்டான்.) சரி. இன்றைய தயிரில் ஒரு கரண்டியை நாளைக்கு உறைமோராக எடுத்து வைப்பதுபோல, என்ஜின் ஓடும்போதே அடுத்த தடவைக்கானதை ஆல்டர்நேட்டர் சேமித்துவிடுகிறது. நிஜத்தில் பேட்டரி சற்று மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். சில நிமிடம் என்று வைத்துக்கொள்.

நிறுத்தி வைத்த காருக்கும் பசி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடிகாரம், பூட்டு, எச்சரிக்கை மணி எல்லாம் சேர்ந்து 0.03 ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் முழுக்க அது போனால், ஏறக்குறைய 17 தடவை ஸ்டார்ட் செய்த அளவு ஆகிவிடும். ஓட்டித் தேய்வதைவிட நிறுத்தியே தேய்வது நம் ஊரில் அதிகம். போதாததற்கு வெயில் வேறு. இங்கே இரண்டு மூன்று ஆண்டு உழைத்த பேட்டரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆல்டர்நேட்டர் சும்மா கிடைக்கும் மின்சாரம்தானே? என்ஜின் எப்படியும் ஓடுகிறது. (நான்காம் மாடி அண்ணன்)

சும்மா எதுவும் இல்லை அண்ணே. பெல்ட் வழியாக என்ஜின்தான் அதைச் சுற்றுகிறது. உள்ளே சுழல்வது ஒரு மின்காந்தம். எவ்வளவு மின்சாரம் கேட்கிறோமோ அவ்வளவு இறுக்கமாக அது பெல்ட்டைப் பிடித்து இழுக்கும். நின்ற இடத்தில் என்ஜின் ஓடும்போது முன்விளக்கு, பின்கண்ணாடி சூடாக்கி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள், ஒரு கணம் என்ஜின் குரல் தாழும். அந்தக் கூடுதல் பெட்ரோலுக்குக் காசு கொடுப்பது நீங்கள்தான்.

அந்த மின்காந்தத்துக்கு முதல் துளி மின்சாரம் கொடுப்பதும் பேட்டரிதான். ஆல்டர்நேட்டருக்கும் உறைமோர் வேண்டும்.

என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றினால், கார் நின்றால் ஆல்டர்நேட்டர் கெட்டது, ஓடினால் நல்லது. நாங்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் பார்ப்போம். (ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஐயா)

ஐயா, உங்கள் லாரிக்கு அது சரியாக இருந்திருக்கும், நானும் பயிற்சிக் காலத்தில் செய்திருக்கிறேன். இப்போதைய காரில் செய்யாதீர்கள். ஆல்டர்நேட்டரின் ஏற்ற இறக்கங்களைத் தாங்கி அமைதிப்படுத்துவது பேட்டரி. அது சார்ஜ் வாங்கிக்கொண்டிருக்கும்போது சட்டென்று கழற்றினால், மின்னழுத்தம் ஒரு கணம் பல மடங்கு தாவும். கணினி போனால் வரும் பில்லில் சில நல்ல பேட்டரிகள் வாங்கலாம்.

இருபது வெள்ளிக்கு ஒரு மீட்டர் வாங்கினால் போதும். ஓட்டிய சில மணி நேரத்துக்குப் பிறகு, என்ஜின் நின்றிருக்கும்போது, நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 14க்குப் பக்கத்தில் ஏற வேண்டும். சில புதிய கார்களில் பெட்ரோலை மிச்சப்படுத்தக் கணினியே அதைக் குறைத்து வைக்கும், அதனால் விளக்குகளைப் போட்டு இன்னொரு தடவை பாருங்கள்.

உட்லண்ட்சிலிருந்து ஒருவர் வந்தார். நான்கு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார், விற்ற கடை மூன்றாவதை விற்கத் தயாராக இருந்தது. காலையில் 11.9 வோல்ட். வேறு பேட்டரியிலிருந்து கம்பி போட்டு எழுப்பினோம், ஓடும்போது 12.3. விளக்கும் குளிர்சாதனமும் போட்டதும் 11.8க்கு இறங்கியது. உள்ளே வரவே இல்லை, செலவு மட்டும்தான். "சிவப்புப் பேட்டரி விளக்கு எரிந்ததா?" என்று கேட்டேன். "வேகத்தடையில் ஏறும்போது மட்டும் சிமிட்டும், கவனிக்கவில்லை," என்றார். கழற்றிப் பார்த்தால், சுழலும் மின்காந்தத்துக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டுகள் தேய்ந்து நுனி மட்டும் மிச்சம். குலுங்கும்போது தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. அவற்றை மாற்றியதும் 14.2. பழைய பேட்டரியை இரவு முழுக்கச் சார்ஜரில் போட்டேன், அதே பேட்டரியோடு போனார்.

என் டாக்சியில் ஸ்டார்ட்டரும் கிடையாது, ஆல்டர்நேட்டரும் கிடையாது. நீங்கள் சொல்வது பழைய கதை அல்லவா? (ஹைபிரிட் டாக்சி ஓட்டுநர்)

பையன் கேட்டது பெட்ரோல் காரைப் பற்றி. ஆனாலும் உங்கள் வண்டிக்கு நீங்கள் சொன்னது உண்மை. அதில் பெரிய மோட்டாரே என்ஜினைச் சுற்றிவிடுகிறது. பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் சின்னப் பேட்டரி சார்ஜ் ஆகிறது. சின்னதுதான் வண்டியின் கணினியை எழுப்புகிறது. அது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் வண்டி எழாது. உங்கள் வண்டியில் அந்தச் சின்னப் பேட்டரி எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

கேமரா பொருத்திய பிறகு நான்கு நாள் நிறுத்தினால் கார் எழவில்லை. கேமராவைப் பிடுங்கிய பிறகும் ஒரு தடவை அப்படி ஆனது. அப்போது கேமரா காரணம் இல்லைதானே? (எட்டாம் மாடி டீச்சர்)

அப்படி முடிவுகட்ட முடியாது டீச்சர். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் கேமரா 0.25 ஆம்பியர் இழுத்தால், நான்கு நாளில் உங்கள் பேட்டரியில் பாதிக்கு மேல் போய்விடும். இந்த வகைப் பேட்டரி ஓரிரு முறை அப்படி வற்றினாலே பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது. கேமரா போன பிறகும் காயம் இருக்கும். இல்லையென்றால் பின்பெட்டி விளக்கு அணையாமல் எரிவது போல வேறு ஏதோ குடிக்கிறது. பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை வருகிறேன். முந்தைய மாலையே காரைப் பூட்டிவிடுங்கள், நடுவில் கதவைத் திறக்காதீர்கள், திறந்தால் உறங்கிய கணினிகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். முன் மூடியை மட்டும் தாழ்ப்போடாமல் சாத்தி வையுங்கள். மீட்டரைப் பிடிக்க ஆள் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டான்.