முன்னாய்வு அத்தியாயமா, சுருக்கங்களின் வரிசையா? கேள்வி பதில்

கேள்வி: என் ஆய்வேட்டில் முந்தைய ஆய்வுகளை அலசும் லிட்ரேச்சர் ரிவ்யூ அத்தியாயத்தை, 30 கட்டுரைகளைக் கொடுத்து ஏ.ஐ. மூலம் எழுதி வாங்கினேன். மேற்கோள் எல்லாம் சரிபார்த்துவிட்டேன், தப்பே இல்லை. கைடு "இது ரிவ்யூவே இல்லை" என்று திருப்பிவிட்டார். என்ன குறை மேடம்?

பதில்: ஏழாவது பத்தியையும் மூன்றாவது பத்தியையும் இடம் மாற்றிப் படித்துப் பாருங்கள். எதுவும் உடையவில்லை என்றால் கைடு சொன்னது சரி. வாதம் இருக்கும் எழுத்தில் ஒரு பத்தி முந்தைய பத்தியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். உங்கள் பத்திகள் அநேகமாக ஒவ்வொன்றும் ஆசிரியர் பெயரில் தொடங்கி, "கண்டறிந்தனர்" என்று முடியும். ஒவ்வொரு கட்டுரையின் அப்ஸ்ட்ராக்டையும் தனித்தனியாகச் சுருக்கி ஒட்டினால் இப்படித்தான் வரும்.

கேள்வி: "ஒப்பிட்டு எழுது" என்று கேட்டால் போதுமே. எனக்கு "மாறாக", "இதற்கு இணங்க" எல்லாம் போட்டு அழகாக வந்ததே!

பதில்: கேட்க வேண்டும் என்பது சரி, போதும் என்பது சரியில்லை. சொல் வந்துவிடும், ஒப்பீடு வராது. கல்வி உளவியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது மறுபடி படிப்பதைவிட நல்லதா? இதற்கு வரும் வழக்கமான பத்தி இது: "ரோடிகரும் கார்பிக்கேயும் (2006) எழுதிப் பார்ப்பது நினைவை வளர்க்கிறது என்றனர். மாறாக, வான் கோக்கும் ஸ்வெல்லரும் (2015) சிக்கலான பாடங்களில் அந்தப் பயன் குறையும் என்றனர்."

முழுக் கட்டுரையைத் திறந்தால் அந்த "மாறாக" ஆட்டம் காணும். 2006 ஆய்வின் முதல் சோதனையில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 81%, எழுதிப் பார்த்தவர்கள் 75%. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56%, மறுபடி படித்தவர்கள் 42%. ஆக, அந்த ஆய்வின் முடிவு கால இடைவெளியைப் பொறுத்தது. 2015 கட்டுரை பேசுவதோ பாடத்தின் சிக்கலைப் பற்றி. இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள் இல்லை. அதே ஆண்டு கார்பிக்கேயும் ஆவ் என்பவரும் சிக்கலான பாடங்களிலும் பயன் உண்டு என்று மறுப்பு எழுதினார்கள். அந்த மறுப்பு உங்கள் அத்தியாயத்தில் வேறு எங்கோ தனியாகக் கிடக்கலாம்.

வாதமாக எழுதினால் இப்படித் தொடங்கலாம்: "எழுதிப் பார்ப்பதன் பயன் உடனடிச் சோதனையில் தெரியாமல் போகலாம், எனவே சிக்கலான பாடத்தில் பயன் இல்லை என்று சொல்லும் ஒவ்வோர் ஆய்விலும் சோதனை எப்போது நடந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்." அடுத்த பத்தி என்ன சொல்ல வேண்டும் என்பதை இந்த வாக்கியமே தீர்மானித்துவிடுகிறது.

கேள்வி: ஒற்றுமைச் சோதனையில் எனக்கு 4% தானே வந்தது? அப்புறம் ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

பதில்: அது பிறர் வரிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண். வாதம் இருக்கிறதா என்பதை அது அளப்பதில்லை.

கேள்வி: சரி, கையில் இருப்பதைத் திருத்துவது எப்படி? 30 கட்டுரையையும் மறுபடி படிக்க நேரமில்லை.

பதில்: உங்கள் ஆய்வுக் கேள்வியை நேராகத் தொடும் எட்டுப் பத்துக் கட்டுரைகளை மட்டும் எடுங்கள். ஓர் அட்டவணை போடுங்கள்: வரிசைக்கு ஒரு கட்டுரை, நெடுவரிசைகளில் யாரிடம் செய்தார்கள், எதை எதோடு ஒப்பிட்டார்கள், எப்போது அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள், என்ன கிடைத்தது. இதை முறையியல் பகுதியிலிருந்து நிரப்புங்கள். அப்ஸ்ட்ராக்டில் பாதி விவரம் இருக்காது.

பிறகு அட்டவணையை மேலிருந்து கீழாகப் படியுங்கள். இடமிருந்து வலமாகப் படித்தால் பழைய சுருக்கமே திரும்ப வரும். முடிவுகள் மாறும் இடத்தில் வேறு எந்த நெடுவரிசையும் கூடவே மாறுகிறதா என்று தேடுங்கள். அப்படி மாறும் நெடுவரிசைதான் உங்கள் உட்தலைப்பு. முடிவுகள் முரண்பட்டும் எந்த நெடுவரிசையும் ஒத்து மாறவில்லை என்றால், காரணம் இன்னும் தெரியவில்லை என்று நேராக எழுதுங்கள். மற்ற இருபது கட்டுரைகளும் அடைப்புக்குறிக்குள் ஆண்டோடு வந்தால் போதும்.

கேள்வி: நான் மருத்துவத் துறை. சிஸ்டமேட்டிக் ரிவ்யூவில் ஒவ்வோர் ஆய்வாகத்தானே வரிசையாகத் தருகிறோம்? அதுவும் தப்பா?

பதில்: தப்பில்லை. சிஸ்டமேட்டிக் ரிவ்யூவில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் PRISMA 2020 பட்டியலில் ஆய்வுகளின் தன்மைகளுக்கு ஓர் இடம், தொகுப்பின் முடிவுகளுக்கு வேறோர் இடம் என்று தனித்தனியே உண்டு. முதலாவதை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்துவதுதான் குறை.

கேள்வி: அந்த அட்டவணையையும் ஏ.ஐ.யே நிரப்பினால் என்ன? எங்கள் லேபில் அப்படித்தான் செய்கிறோம்.

பதில்: செய்யலாம், ஒவ்வொரு கட்டத்துக்கும் கட்டுரையின் மூல வாக்கியத்தைப் பக்க எண்ணோடு கேட்டு வாங்கினால். இல்லாவிட்டால், கட்டுரையில் இல்லாத விவரத்துக்கும் அது பொருத்தமாக ஏதோ ஒன்றை நிரப்பிவிடும். "எப்போது அளந்தார்கள்" என்ற நெடுவரிசையில் இது நடந்தால் வாதமே சாய்ந்துவிடும். எத்தனை கட்டங்களைக் கையால் சரிபார்த்தால் போதும் என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. முரண்படும் கட்டுரைகளின் கட்டங்களை மட்டுமாவது ஒன்றுவிடாமல் பார்த்துவிடுங்கள்.