எரிந்தது 60 இலட்சம், கைக்கு வருவது 45 இலட்சம்: ஏன்?

கேள்வி (புறக்கோட்டை துணிக்கடைக்காரர்): ஐயா, 60 இலட்சம் ரூபாவுக்குக் காப்புறுதி செய்திருந்தேன். எரிந்த துணியும் 60 இலட்சம்தான். 45 இலட்சம் மட்டும் தருவார்களாம். மார்ச் 31 இல் இருப்பு 50 இலட்சம். தீப்பற்றிய நாள் வரை கொள்வனவு 150, விற்பனை 160. இலாபம் எப்போதும் விற்பனையில் 25 சதவீதம். மீட்ட துணி 20 இலட்சம். இது அநியாயம் இல்லையா?

பதில்: உங்கள் வலி புரிகிறது, ஆனால் கணக்குச் சரி. எரிந்த துணியை எண்ண முடியாது, அதனால் இருப்பைக் கணக்கிலிருந்துதான் காண வேண்டும். விற்பனை 160 இல் இலாபம் 40 போனால் விற்ற துணியின் கொள்விலை 120. ஐம்பதையும் நூற்றைம்பதையும் கூட்டி அதைக் கழித்தால், தீப்பற்றும்போது கடையில் இருந்தது 80 இலட்சம். நீங்கள் காப்புறுதி செய்தது அதில் முக்கால் பங்குக்குத்தான். மீதிக் காற்பங்கின் ஆபத்து உங்கள் தலையில் இருந்தது. ஆகவே நட்டமான 60 இலும் முக்கால் பங்கு, 45. இதுதான் சராசரி வாசகம். ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நீங்கள் வாதாட வேண்டிய இடம் அந்த 20 இலட்சம். மேல் மடிப்புக் கருகி, உள் மடிப்பு நன்றாக இருக்கும் கட்டை விரித்து முகர்ந்து பாருங்கள். புகை வாடை அடிக்கும் துணியை யாரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள். காப்புறுதி மதிப்பீட்டாளர் அதைக் கொள்விலையில் எழுத விடாதீர்கள்.

கேள்வி: நான் கொள்விலையோடு 25 சதவீதம் சேர்த்து விற்கிறேன். அப்படியானால் என் இலாப வீதமும் 25தானே?

பதில்: இல்லை தம்பி. நூறுக்கு வாங்கி 125 க்கு விற்றால், விற்பனையில் இலாபம் 20 சதவீதம். மேலே உள்ள கடைக்கு இந்த வீதத்தைப் போட்டால் இருப்பு 72 இலட்சமாகிவிடும். எட்டு இலட்சத் துணி தாளிலேயே மறைந்துவிடும். வீதம் சரியா என்று அறிய, அதைப் போன வருடக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அப்படி வரும் இருப்பு, மார்ச் 31 இல் எண்ணி எழுதிய இருப்புக்குக் கிட்ட வரவேண்டும்.

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து ஒரு அக்கா): எங்கள் கடையில் 10 இலட்சம் கொள்விலைச் சேலைகளை 6 இலட்சத்துக்குத் தள்ளிவிட்டோம். விற்பனை விற்பனைதானே, எல்லாவற்றுக்கும் ஒரே வீதம் போடலாமா?

பதில்: வேண்டாம் அக்கா. 25 சதவீதம் போட்டால், அந்தச் சேலைகளின் கொள்விலை நாலரை இலட்சம் என்றுதான் கணக்கு எடுக்கும். உண்மையில் வெளியே போனது 10. கடையில் இல்லாத ஐந்தரை இலட்சத்தைக் கோருவீர்கள். மதிப்பீட்டாளர் பில் புத்தகத்தில் கண்டால், மற்றக் கணக்கையும் நம்பமாட்டார். அந்த விற்பனையையும் அதன் கொள்விலையையும் வெளியே எடுத்துவிட்டு, மீதிக்கு வீதம் போடுங்கள்.

கேள்வி: மூன்று வருடச் சராசரி வீதத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று என் கணக்காளர் சொல்கிறார்.

பதில்: பாதி சரி. வீதம் நிலையாக இருந்தால் சராசரி நல்லது. 24, 22, 20 என்று இறங்கி வந்திருந்தால் 22 உங்கள் கடையைச் சொல்லாது. 2022 இல் ரூபா சரிந்தபோது இறக்குமதித் துணி வியாபாரிகள் பலருக்குப் பழைய வீதம் பொருந்தவில்லை. எந்த வருடத்தை ஏற்பது என்பதில் மதிப்பீட்டாளருடன் இழுபறி வரும். அண்மைய கொள்வனவு, விற்பனைப் பில்களைச் சோடி சோடியாக அடுக்கிக்கொண்டு போங்கள்.