நிறுவனரே அறங்காவலராகவும் இருந்தால் பத்திரத்தில் எதைப் பார்ப்பது?

“டிரஸ்ட் பத்திர வரைவில் அப்பாதான் நிறுவனர், அறங்காவலர்களிலும் ஒருவர். பெயர்கள் மாறி மாறி வருகின்றன. எதைச் சரிபார்ப்பது?”

வரையறைப் பகுதியில் உள்ள சொற்களை முதலில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ‘நிர்வாகிகள்’, ‘உறுப்பினர்கள்’, ‘வாரிசுகள்’ என்று வரும் இடங்களைத் தேடுங்கள். அவை அறங்காவலர்களையோ பயனாளிகளையோ குறித்தால், வரையறுத்த சொல்லையே போடுங்கள்.

உங்கள் வரைவில் அதிகாரப் பிரிவைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். ‘நிறுவனர் சொத்தை விற்கலாம்’ என்றிருந்தால், அப்பா அறங்காவலர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகும் அந்த அதிகாரம் தனக்கே என்று வாதிட இடமிருக்கிறது. ‘அப்போது பொறுப்பிலுள்ள அறங்காவலர்கள் பெரும்பான்மை முடிவின்படி விற்கலாம்’ என்று எழுதினால் அந்தக் குழப்பம் வராது. புதிய அறங்காவலரை நியமிக்கும் அதிகாரத்தை நிறுவனருக்கே வைப்பதென்றால் சரி. ஆனால் அவர் காலத்துக்குப் பின் அது யாருக்கு என்பதும் அதே பிரிவில் இருக்கட்டும்.

‘பயனாளிகளுக்குக் கல்விச் செலவு வழங்கலாம்’ என்பது அறங்காவலர்களின் விருப்பத்துக்கு விட்டது. கட்டாயம் என்பதுதான் அப்பாவின் எண்ணமென்றால் ‘வழங்க வேண்டும்’ என்றே எழுதுங்கள். இதை அவரிடமே கேட்டுவிடுங்கள். கையெழுத்துக்கு முன் திருத்திய வரைவை வழக்கறிஞர் ஒருமுறை முழுதாகப் படிக்கட்டும்.