சீட் காலியாகக் காட்டியும் எலெக்டிவ் கிடைக்காதது ஏன்?

கேள்வி: ஓபன் எலெக்டிவ் பதிவுல சீட் காலியா இருக்குன்னு காட்டுது, ஆனா எனக்கு எடுக்க முடியல. எனக்குப் பிறகு உள்ள போன ஃப்ரெண்டுக்குக் கிடைச்சிடுச்சு. உள்ளுக்குள்ள ஆள் பார்த்துக் கொடுக்கிறாங்களா?

பதில்:

நீங்கள் நினைக்கிற இடத்தில் ஆள் பார்ப்பதில்லை. வேறோர் இடத்தில் பார்ப்பது உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் எலெக்டிவ் ஒருங்கிணைப்பாளராக இருந்தவள் நான். பதிவு நாளன்று என் மேசையைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். "மேம், நீங்கதான் அவங்களுக்கு எடுத்துக் கொடுத்தீங்களாமே" என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. நிர்வாகத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது எழுத வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அந்தக் கல்லூரியை விட்டு வந்து ரொம்ப நாளாகிறது. எல்லாக் கல்லூரியிலும் இதே ஏற்பாடுதான் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பல இடங்களில் போர்ட்டல் பார்ப்பது மூன்றையேதான்: சீட் இருக்கிறதா, கால அட்டவணை மோதுகிறதா, முன் பாடம் முடித்திருக்கிறீர்களா. இதில் எது முதலில் தடுக்கிறதோ அதோடு நின்றுவிடும். சில போர்ட்டல்கள் காரணத்தைக்கூடச் சொல்லாமல் "Registration failed" என்று மட்டும் காட்டிவிட்டுப் போய்விடும். சந்தேகம் முளைப்பதே அங்கேதான்.

நீங்கள் மூன்றாம் ஆண்டு என்றும், எடுக்க நினைத்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை நடத்தும் பாடம் என்றும் வைத்துக்கொள்கிறேன். கூட்டம் அங்கேதானே முண்டுகிறது.

முதலில், அந்த நண்பர் உங்கள் துறையா, வேறு துறையா?

வேறு துறை என்றால் விஷயம் எளிது. 60 சீட் என்பது பெரும்பாலும் ஒரே குவியல் இல்லை. எங்கள் கல்லூரியில் ஒரு பாடத்தின் 60 சீட்டை எலெக்ட்ரானிக்ஸுக்கு 20, மெக்கானிக்கலுக்கு 15, எலெக்ட்ரிக்கலுக்கு 15, சிவிலுக்கு 10 என்று பிரித்து வைத்திருந்தோம். திரையில் மட்டும் மொத்தக் கணக்குதான் தெரியும். "மீதம் 7" என்று காட்டும், அந்த ஏழுமே சிவிலுக்கு உரியதாக இருக்கும். மெக்கானிக்கல் மாணவர் அழுத்தினால் கிடைக்காது, அவருக்குப் பின்னால் வந்த சிவில் மாணவருக்குக் கிடைத்துவிடும். ரயிலில் பெண்கள் ஒதுக்கீட்டில் இடம் இருக்கும்போதே உங்கள் டிக்கெட் காத்திருப்புப் பட்டியலுக்குப் போவது மாதிரிதான் இதுவும்.

ஏன் பிரிக்கிறீர்கள், முதலில் வருபவருக்கே கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். முதலில் அப்படித்தான் கொடுத்தோம். அந்த வருடம் பதிவு நாளன்று சிவில் மாணவர்கள் மொத்தமாக சர்வே கேம்ப்பில் இருந்தார்கள். டவர் கிடைக்காத மலையடிவாரம். அவர்கள் திரும்பி வந்தபோது யாரும் சீண்டாத பாடங்கள்தான் மீதி இருந்தன. அடுத்த வருடத்திலிருந்துதான் துறைவாரியாகப் பிரித்தோம். நிரம்பாமல் கிடக்கும் ஒதுக்கீட்டைக் கடைசி நாளில் பொதுவாகத் திறந்துவிடுவோம். உங்கள் கல்லூரியிலும் அப்படித் திறப்பார்களா, எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். முதல் நாள் கிடைக்கவில்லை என்று போனவர்கள் பலர் அன்றைக்குத் திரும்பி வந்து பார்ப்பதே இல்லை.

நண்பரும் உங்கள் வகுப்பேதான் என்றால் ஒதுக்கீடு காரணமாக இருக்காது. அப்போது நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் லேப் பேட்ச்சை.

ஒரு வகுப்பில் 60 பேர் இருந்தால் லேபுக்கு இரண்டு பேட்ச்சாகப் பிரிப்பார்கள். முதல் பேட்ச்சுக்குச் செவ்வாய் மதியம் 1.30 முதல் 4 மணி வரை லேப், இரண்டாம் பேட்ச்சுக்கு அதே லேப் வியாழன் மதியம் என்று வையுங்கள். நீங்கள் கேட்கும் எலெக்டிவுக்கு வாரம் மூன்று வகுப்பு, அதில் ஒன்று செவ்வாய் 2.20-க்கு. முதல் பேட்ச்சில் இருப்பவருக்கு அது மோதும், இரண்டாம் பேட்ச்சில் இருப்பவருக்கு மோதாது. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச்கூட, ஆனால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அரியர் பாடத்தை மறுபடி உட்கார்ந்து படிப்பவர்களுக்கும் இதே கதைதான். அவர்கள் ஜூனியர் வகுப்போடு உட்காரும் நேரமும் அவர்கள் அட்டவணையில் சேர்ந்துவிடும், அது நண்பர்களுக்குத் தெரிந்திருக்காது.

லேப் பேட்ச்தான் தடை என்றால் வழி இருக்கிறது. இரண்டாம் பேட்ச்சில் இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஒருவரைப் பிடியுங்கள், லேப் பொறுப்பாசிரியரிடம் இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள், போர்ட்டலில் பேட்ச்சை மாற்றச் சொல்லுங்கள், அப்புறம் பதிவு செய்யுங்கள். வரிசை முக்கியம். "எலெக்டிவ் கிடைக்கட்டும் மேம், பிறகு பேட்ச் மாத்திக்கிறேன்" என்றால் நடக்காது, போர்ட்டல் அந்த நொடியில் பதிவாகியிருக்கும் பேட்ச்சைத்தான் பார்க்கும்.

இந்த மோதல் சோதனையே தேவையில்லாத கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்களுக்குப் போர்ட்டல் செய்து கொடுத்தவர்கள் ஆரம்பத்தில் இரண்டு வகுப்புகளின் தொடக்க நேரத்தை மட்டும் ஒப்பிட்டிருந்தார்கள். லேப் 1.30, எலெக்டிவ் 2.20. இரண்டும் வேறு வேறு நேரம், அதனால் மோதல் இல்லை என்று முடிவு செய்துவிட்டது. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று தொடங்குகிறதா என்று அல்லவா பார்க்க வேண்டும்? மெக்கானிக்கல் மாணவி ஒருத்திக்கு அப்படித்தான் சீட் கிடைத்தது. அவளும் சந்தோஷமாகச் சேர்ந்தாள். செவ்வாய்க்கிழமை லேபை விட முடியாது, அதனால் எலெக்டிவை விட்டாள். வாரம் மூன்று வகுப்பு என்றால் செமஸ்டருக்கு 45. வாரம் ஒன்று போனால் 15 போய்விடும். மீதி 30-க்கும் ஒருநாள் விடாமல் வந்தால்கூட வருகைப்பதிவு 67 சதவீதத்தைத் தொடாது. 75 இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் வராமலேயே, சேர்ந்த அன்றே அவள் ஷார்ட்டேஜ். நல்லவேளையாக முதல் மாத வருகைப்பதிவைப் பார்த்தபோதே அது கண்ணில் பட்டது, வேறு பாடத்துக்கு மாற்ற முடிந்தது. அதனால் உங்கள் நண்பருக்குக் கிடைத்துவிட்டது என்று பொறாமைப்படுவதற்கு முன், அவருடைய லேப் எந்த நாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பேட்ச்சும் ஒன்றுதான் என்றால், நீங்கள் டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவரா? அப்படியானால் முன் பாடம்தான் தடுத்திருக்கும். மெஷின் லேர்னிங் மாதிரிப் பாடத்துக்கு முதலாண்டுக் கணக்கை முன் பாடமாக வைத்திருப்பார்கள். லேட்டரல் என்ட்ரியில் வந்தவர்களுக்கு முதலாண்டே கிடையாது, விதியிலேயே விலக்கு உண்டு. ஆனால் போர்ட்டலுக்கு விலக்கு என்றால் என்னவென்று தெரியாது. மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடக்குறியீட்டுக்கு எதிரே தேர்ச்சி இருக்கிறதா என்று தேடும், வரியே இல்லை என்றால் "Prerequisite not met" என்று சொல்லிவிடும். ஃபெயில் ஆனவரும் இவர்களும் அதற்கு ஒன்றுதான். படிப்பை இடையில் நிறுத்திவிட்டுத் திரும்பி வருபவர்களுக்கும் இதே தொல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், முதல் செமஸ்டர் கணக்கு 2017 ஒழுங்குமுறையில் MA8151, 2021 ஒழுங்குமுறையில் MA3151. பழைய குறியீட்டில் பாஸ் பண்ணியவரை, இரண்டும் சமம் என்று யாராவது உட்கார்ந்து ஏற்றி வைக்காதவரை, புதிய குறியீட்டைத் தேடும் போர்ட்டல் ஏற்காது. இதற்கெல்லாம் மனிதர்தான் கை வைக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்தால் ஒருங்கிணைப்பாளர் விலக்கைப் பதிந்துவிடுவார். அதற்குள் சீட் தீர்ந்துவிடலாம் என்பதால் பதிவு நாளுக்கு முந்தைய வாரமே கேட்டுவிடுங்கள்.

இப்போது அந்த வேறோர் இடம். சிபாரிசு போர்ட்டல் திறந்திருக்கும்போது வராது, மூடிய பிறகுதான் வரும். குறைந்தபட்ச ஆட்கள் சேராத பாடத்தை ரத்து செய்வார்கள். அதில் இருந்த பத்துப் பதினைந்து பேரை மற்ற பாடங்களுக்குப் பிரித்துப் போட வேண்டும். அப்போது பட்டியல் போர்ட்டலில் இருக்காது, எக்செல் கோப்பாக என் மடிக்கணினியில் இருக்கும். நிர்வாகத் தரப்பிலிருந்து ஒரு போன் வரும், "இந்தப் பையனை மட்டும் பார்த்துக்குங்க மேடம்" என்று. 60 என்பது வகுப்பறை பெஞ்ச் கணக்கு, கம்ப்யூட்டர் வேண்டிய பாடம் என்றால் லேபில் ஓடுகிற கம்ப்யூட்டர்களின் கணக்கு. திடீரென்று அது 64 ஆகும். நாற்காலி தூக்கி வந்து போடச் சொல்வார்கள். உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டியது இந்தக் கட்டத்தில்தான். பதிவு முடிந்த அன்றைய பட்டியலையும் வகுப்பு தொடங்கிய பின் வரும் பெயர்ப்பட்டியலையும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

இதில் எங்கள் பாட்டை யாரும் கேட்பதில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். இந்தப் பொறுப்புக்காக ஒரு பாடவேளை குறைக்க மாட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் வரும். பதிவு நடக்கிற அதே வாரத்தில்தான் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று கோப்பு அடுக்கச் சொல்வார்கள். கூட்டம் வராத பாடத்துக்கு, "நீங்க நடத்துற விதம் சரியில்லையோ?" என்று பாடம் எடுப்பவரையே கேட்பார்கள். காலை எட்டரை மணிக்கு வகுப்பைப் போட்டுவிட்டு யார் வருவார்கள் என்று அவர்கள் யோசித்ததே இல்லை. ஒரே ஆசிரியர், ஒரே பாடம், நேரத்தைப் பதினோரு மணிக்கு மாற்றிய வருடம் அது நிரம்பி வழிந்தது.

சரி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது. துறைத்தலைவரிடம் போகாதீர்கள், அவர் ஒருங்கிணைப்பாளரைப் பார்க்கத்தான் சொல்வார். ஒருங்கிணைப்பாளருக்கு நேராக மின்னஞ்சல் போடுங்கள். பதிவு எண், பாடக்குறியீடு, உங்கள் லேப் பேட்ச், அழுத்திய நேரம், திரையில் வந்த செய்தியின் படம், இவை எல்லாம் அதில் இருக்கட்டும். இவ்வளவும் இருந்தால் தடுத்தது எது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். "மேம், எனக்கு வரல" என்று மட்டும் வரும் வாட்ஸ்அப்புக்கு நானும் பதில் போட்டதில்லை.