அகமதிப்பெண் கணக்கு: மாணவர்களுக்கு விரிவுரையாளரின் பதில் கடிதம்

ஐயா, தேர்வுகளில் 32, 41, 27. ஒப்படைப்புகளில் 17, 13. நான் எக்செலில் போட்டுப் பார்த்தால் 25-க்கு 19 வருகிறது. பட்டியலில் 18 என்று இருக்கிறதே?

உங்கள் கணக்கில் கூட்டலும் பெருக்கலும் சரிதான். முழு எண்ணாக்கிய இடம்தான் தவறு. ஐம்பது மதிப்பெண் தேர்வுகள் மூன்றில் சிறந்த இரண்டை எடுத்தால் 73. அது நூற்றிலிருந்து பதினைந்துக்குச் சுருங்கும்போது 10.95 ஆகிறது. இருபது மதிப்பெண் ஒப்படைப்புகள் இரண்டின் கூட்டுத்தொகையான 30, நாற்பதிலிருந்து பத்துக்குச் சுருங்கி 7.5 ஆகிறது. இவற்றைத் தனித்தனியே முழுமையாக்கி 11, 8 என்று நீங்கள் கூட்டியிருக்கிறீர்கள். விதிப்படி கூட்டிய பிறகு, கடைசியில் ஒரே ஒருமுறைதான் முழுமையாக்க வேண்டும்; 18.45 என்பது 18 ஆகிவிடுகிறது.

```
=ROUND((32+41)*15/100+(17+13)*10/40,0)
```

சிறந்த இரண்டுதான் கணக்கு என்றால், முதல் இரண்டையும் எழுதியவர் மூன்றாவதை விட்டுவிடலாமே?

பாதி சரி. மூன்றாம் தேர்வு யாருடைய மதிப்பெண்ணையும் குறைக்காது. ஆனால் மேலே கேட்டவரையே பாருங்கள்: அந்தத் தேர்வில் 27-க்குப் பதில் 33 எடுத்திருந்தால், 32 விலகி, கூட்டுத்தொகை 74 ஆகி, மொத்தம் 18.6 வந்து, பட்டியலில் 19 ஏறியிருக்கும். முதல் இரண்டில் குறைவானதை மிஞ்ச முடியும் என்று தோன்றுகிறவர் எழுதத்தான் வேண்டும்.

தேர்வுக்குத்தானே 15, அப்படியானால் அசைன்மென்டில் ஒரு மார்க் போனால் பெரிதாக ஒன்றும் ஆகாதுதானே?

பகுதியின் அளவை வைத்து ஒரு மதிப்பெண்ணின் எடையை முடிவு செய்யாதீர்கள். கணக்கில் சேரும் தேர்வில் ஒரு மதிப்பெண் 0.15 ஆகிறது, ஒப்படைப்பில் அதே ஒரு மதிப்பெண் 0.25 ஆகிறது. மேற்கோள் பட்டியலை மறந்து இரண்டு மதிப்பெண் இழப்பவர் அரை மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்கிறார். அதைத் தேர்வில் ஈடுகட்ட நான்கு மதிப்பெண் கூடுதலாக எடுக்க வேண்டும். திருத்தும்போது நான் அடிக்கடி காணும் இழப்பு இதுதான்.

காய்ச்சலால் இரண்டாம் தேர்வுக்கு வரவில்லை. மருத்துவச் சான்று கொடுத்துவிட்டேன். எனக்குச் சராசரி போடுவீர்களா?

சராசரி போடும் வழக்கம் இந்தக் கணக்கில் இல்லை. நீங்கள் எழுதிய இரண்டும் அப்படியே சிறந்த இரண்டாகிவிடுவதால் சுழியம் எதுவும் சேராது. ஆனால் குறைந்ததைத் தள்ளிவிடும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருப்பதுபோல் உங்களுக்கு இல்லை என்பதை மறுக்க மாட்டேன். மறுதேர்வு கேட்டு நீங்கள் தந்த கடிதத்தைத் துறைத்தலைவருக்கு அனுப்பியிருக்கிறேன்; முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை உங்கள் பெயருக்கு நேரே உள்ள எண்ணை இறுதியானது என்று கொள்ள வேண்டாம்.