ஆட்டோ ஒலிபெருக்கிக்கு எழுதும்போது எண்ணையும் தேதியையும் எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் ஊராட்சி அறிவிப்புகளை நான்தான் எழுதித் தருகிறேன். ஆட்டோவில் மைக் பிடிப்பவர் பெரிய எண் வந்தால் திணறுகிறார். போன முறை தேதியையும் இடத்தையும் தவறாகக் கேட்டுவிட்டு மக்கள் எங்கெங்கோ போய் நின்றார்கள். எண்களை எல்லாம் எழுத்தால் எழுதிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. பாதிதான் சரியாகும். வானொலிச் செய்திப் பிரிவில் பல வருடம் எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: படிப்பவரின் சிக்கல் வேறு, கேட்பவரின் சிக்கல் வேறு.

முதலில் படிப்பவர். 1,72,500 என்று தாளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் படிப்பவர் இடமிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகலாம். தமிழில் அப்படி முடியாது. 'லட்சம்' என்று நிறுத்துவதா, 'லட்சத்து' என்று தொடர்வதா என்பது பின்னால் என்ன வருகிறது என்று தெரிந்தால்தான் முடிவாகும். ஆயிரமும் அப்படியே, நூறும் அப்படியே. அதனால் அவர் வாயைத் திறப்பதற்கு முன் முழு எண்ணையும் மனத்தில் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓடும் ஆட்டோவில் அதற்கு நேரம் ஏது? 'ஒரு லட்சம்...' என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து 'லட்சத்து' என்பார். திணறல் அங்கேதான் வருகிறது.

இதற்கு 'ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு' என்று முழுக்க எழுத்தால் எழுதினால், கண் அந்த நீளத்தில் தடுக்கும். செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள்: '1 லட்சத்து 72 ஆயிரத்து 500 ரூபாய்'. இதுதான் நல்ல வழி. 'லட்சத்து', 'ஆயிரத்து' என்ற எலும்புக்கூடு எழுத்தில் நிற்கிறது, நடுவில் வரும் சின்ன எண்கள் இலக்கத்தில் இருக்கின்றன. படிப்பவர் எதையும் கணக்குப் போட வேண்டாம். வேற்றுமை உருபை எண்ணில் ஒட்டாதீர்கள். '500-ஐ', '500-க்கு' என்பதெல்லாம் தாளுக்குத்தான். '500 ரூபாயை', '500 ரூபாய்க்கு' என்று ரூபாயில் ஒட்டுங்கள். 'ரூ.' என்ற சுருக்கமும், தொகைக்குப் பின்னால் போடும் '/-' கோடும் மைக் தாளில் வரவே கூடாது. எண் ஒரு வரியில் பாதி, அடுத்த வரியில் பாதி என்று உடையவும் கூடாது.

இனி கேட்பவர். அவர் வாசலில் நிற்கிறார், ஆட்டோ கடந்து போகிறது, நடுவில் ஒரு பஸ் ஹாரன். 'எழுபது', 'எண்பது' இரண்டையும் நீங்களே வேகமாகச் சொல்லிப் பாருங்கள். முதலும் கடைசியும் ஒன்றுதான், நடு எழுத்து காற்றில் போய்விடும். 'நாற்பது', 'நானூறு' என்பதும் ஓரளவு அப்படித்தான். 'தொண்ணூறு', 'தொள்ளாயிரம்' கேட்டாலே பலருக்கு ஒரு நொடி குழப்பம். தவறாகக் கேட்டால் பணமோ நாளோ நட்டமாகும் என்கிற எண்ணை மட்டும் இரண்டு விதமாகச் சொல்ல எழுதுங்கள்: 'கட்டணம் 70 ரூபாய். ஏழு, பூஜ்யம், எழுபது ரூபாய்.' எல்லா எண்ணுக்கும் இதைச் செய்தால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். ஓர் அறிவிப்பில் ஒரு எண்ணுக்குப் போதும்.

உதவி எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வதே பாதுகாப்பு. மழைக்காலத்தில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணைப் 'பத்து எழுபத்தேழு' என்று படித்தால், அந்தப் பழைய எழுபது, எண்பது சிக்கல் உள்ளே வந்துவிடும். தாளில் '1 – 0 – 7 – 7' என்று இடம் விட்டு எழுதுங்கள், அவர் தானாகவே பிரித்துப் படிப்பார். 108 மட்டும் ஊருக்கே 'நூற்றெட்டு' என்று பழகிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

சுருக்கப் பெயர்களுக்கு வருவோம். மக்கள் வாயில் ஏற்கனவே புழங்கும் சுருக்கத்தை விரித்து எழுத வேண்டியதில்லை. ஏ.டி.எம். ஏ.டி.எம்.தான், வி.ஏ.ஓ. வி.ஏ.ஓ.தான். ஆனால் ஒன்றே ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: ஆர்.டி.ஓ. வருவாய்க் கோட்டாட்சியரும் ஆர்.டி.ஓ., வண்டி லைசென்ஸ் கொடுக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் ஆர்.டி.ஓ. ஆங்கிலத்தில் நடு எழுத்து வேறு வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'டி'. எழுத்திலும் வித்தியாசம் இல்லை, காதிலும் இல்லை. ஒரு முறை பட்டா விஷயமாக மனுக் கொடுக்க வேண்டிய வயதான விவசாயி ஒருவர் வண்டிகள் வரிசையில் நிற்கும் அலுவலகத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். நான் வேறு வேலையாகப் போனவன் பார்த்து விசாரித்தேன். அறிவிப்பில் சொன்ன இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. எனவே 'கோட்டாட்சியர்' என்று எழுதுங்கள், கூடவே கட்டடத்தின் அடையாளத்தையும் சொல்லுங்கள். மேல் அலுவலகத்திலிருந்து பொதுமக்களுக்கான சுற்றறிக்கையிலேயே சுருக்கத்தைப் போட்டு அனுப்பிவிட்டு, 'ஒரு எழுத்து மாறாமல் படியுங்கள்' என்கிறார்களே, அங்கிருக்கும் ஒருவராவது அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருப்பாரா? கோப்புக்கு எழுதிய வாக்கியம் தெருவுக்கு உதவாது. இதை எத்தனை வருடமாகச் சொல்கிறோம்!

உதாரணத்துக்கு, கோப்பில் 'வருவாய்த் தீர்வாயம்' என்று எழுதும் ஜமாபந்திக்கான அறிவிப்பு இப்படி வருகிறது என்று வையுங்கள்:

'1434-ஆம் பசலிக்கான வருவாய்த் தீர்வாயம் 17.06.2025 அன்று மு.ப. 10.30 மணிக்கு ஆர்.டி.ஓ. தலைமையில் நடைபெறும்.'

பசலி, அதாவது வருவாய்த் துறை ஆண்டின் எண், கணக்குக்குத் தேவை, வாசலில் நிற்பவருக்குத் தேவையில்லை, எடுத்துவிடுங்கள். '06' என்பதை மாதப் பெயராக்குங்கள். நடப்பு ஆண்டு என்றால் ஆண்டு வேண்டாம். கிழமையைக் கட்டாயம் சேருங்கள், ஏனென்றால் 17 காதில் விழாவிட்டாலும் செவ்வாய் விழும், ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்த்துக்கொள்வார்கள். 'மு.ப.' என்பதைக் 'காலை' ஆக்குங்கள். 10.30 என்பது பத்தரை. இடத்தையும் விடாமல் சொல்லுங்கள்:

'ஜமாபந்தி நடக்கப் போகிறது. ஜூன் மாதம் 17ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி. இடம், பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள தாலுகா ஆபீஸ். கோட்டாட்சியர் வருகிறார். பட்டா மனு உள்ளவர்கள் நேரில் வந்து கொடுக்கலாம். மறுபடியும் சொல்கிறோம், 17ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை.'

என்ன நடக்கிறது என்பது முதலில், எண் அப்புறம். காது திரும்பிய பிறகுதான் தேதி வர வேண்டும். 'நாளை', 'நாளை மறுநாள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பதிவு செய்த குரல் அடுத்த நாளும் ஓடும், அப்போது 'நாளை' தப்பாகிவிடும்.

பதிவு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். மைக் பிடிக்க ஆள் இல்லாதபோது பல ஊராட்சிகள் ரெக்கார்டிங் கடைக்குப் போகின்றன. நிமிடக் கணக்கில் காசு வாங்கும் சிலர், தாளில் 'மு.ப.' என்று இருந்தால் 'முப' என்றே படித்துப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கேட்டால், தாளில் இருந்ததைத்தான் படித்தோம் என்பார்கள், திருத்தத்துக்கு மறுபடி காசு. பின்னணி இசையை வேறு ஏற்றி, இருக்கிற எண்ணையும் அதில் அமுக்கிவிடுவார்கள். தேதியும் எண்ணும் வரும் இடத்தில் இசை கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், கடையின் ஹெட்போனில் கேட்காமல், ஆட்டோவிலேயே போட்டுத் தெருமுனை வரை ஓட்டச் சொல்லுங்கள். விஷயமே தெரியாத ஒருவரை வாசலில் நிறுத்தி, தேதி, நேரம், இடம் மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எழுதியது உங்கள் தாளோடு ஒத்துப்போனால் பணம் கொடுங்கள்.